12 வார்த்தையை மூணு பேப்பர்ல பிரிச்சு வெச்சிருக்கீங்களா? ஒரு நிமிஷம்!

ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை பார்க்குற ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கிரிப்டோ வாலட்டோட 12 ரகசிய வார்த்தைகளை மூணு பேப்பர்ல எட்டெட்டா எழுதியிருக்கார். ஒண்ணு தன்கிட்ட, ஒண்ணு வாலாஜாபாத்ல அண்ணன்கிட்ட, இன்னொண்ணு ரூம்மேட்கிட்ட. எந்த ரெண்டு பேப்பர் சேர்ந்தாலும் 12-ம் வந்துடும். "சேஃப்தானே அண்ணா?"

இல்ல தம்பி. ரூம்மேட்டுக்குத் தெரியாதது நாலே வார்த்தை. பட்டியல்ல இருக்கறது மொத்தம் 2048 வார்த்தை. கடைசி வார்த்தையில ஒரு சரிபார்ப்பு ஒளிஞ்சிருக்கறதால தப்பான சேர்க்கைகள்ல பெரும்பகுதி கழிஞ்சிடும். மிஞ்சறது சுமார் 1.1 லட்சம் கோடி. பெருசா தெரியுதா? நல்ல கம்ப்யூட்டர் இருந்தா முயன்று பார்க்கக்கூடிய அளவுதான்.

இதுக்குச் சரியான வழியை 1979-ல ஆதி ஷமீர் சொன்னார். பள்ளிக்கூடக் கணக்குதான்: ஒரு நேர்க்கோட்டை வரைய ரெண்டு புள்ளி வேணும், ஒரு புள்ளி போதாது.

ரகசியம் 4821-னு வெச்சுக்குவோம். மனசுல தோணின ஒரு எண், 137. இப்போ 4821 + 137 × (பங்கு எண்). முதல் பங்கு 4958, ரெண்டாவது 5095, மூணாவது 5232. 137-ஐ அழிச்சிடணும். அப்புறம் 1-ம் 3-ம் சேர்ந்தா? 5232-ல 4958 போனா 274, அதுல பாதி 137. 4958-ல 137 கழிச்சா 4821 வந்துடுச்சு! மூணு பேர் சேர்ந்தாதான் திறக்கணும்னா கோட்டுக்குப் பதிலா வளைகோடு. அவ்வளவுதான்.

ஆனா இதை அப்படியே செஞ்சுடாதீங்க. 5232 மூணால வகுபடும், அதனால ரகசியமும் மூணால வகுபடும்னு மூணாம் ஆள் கண்டுபிடிச்சுடுவார். நிஜ மென்பொருள், கடிகாரம் 12-க்கு அப்புறம் 1-க்குத் திரும்பற மாதிரி சுத்துற கணக்குல செய்யும். அங்க ஒத்தைப் பங்குல ஒரு துளிகூடக் கசியாது.

சில ஹார்ட்வேர் வாலட்ல SLIP-39-னு இந்த வசதி இருக்கு. பங்குக்கு 20 வார்த்தை வரும். பங்குலயே சரிபார்ப்பு இருக்கறதால எழுத்துப்பிழை தெரிஞ்சிடும். அது இல்லாத மென்பொருள்ல ஒரு பங்கு தப்பா இருந்தாலும் எர்ரர் வராது. வேற ஒரு ரகசியம் வரும், அவ்வளவே. அதனால பணம் போடறதுக்கு முன்னாடி ரெண்டு ரெண்டா எல்லா ஜோடியையும் சேர்த்துப் பாருங்க.

ரூம்மேட் வேற கம்பெனிக்குப் போயிட்டார்னா? புதுப் பங்கு பிரிச்சாலும் பழைய பங்குகள் சாகாது. யார்கிட்டயாவது பழைய ரெண்டு சேர்ந்தா, அதே சாவிதான் வரும். தம்பி விஷயத்துலயும் அதேதான்: அந்த வார்த்தைகளை விட்டுட்டு, புது வாலட் உருவாக்கி, பணத்தை அங்க மாத்திட்டு, அதைப் பிரிக்கணும். பழைய பேப்பரைத் திருப்பி வாங்கிட்டோம்னு நம்பி உட்காராதீங்க, போட்டோ எடுத்திருந்தா?