கொள்முதல் பில்லைப் படித்து வரி வரவைச் சரிபார்க்கலாம்

சிறு கடை நடத்துபவர் சரக்கு வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக் கொள்ளலாம். இதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். ஆனால் பில்லில் உள்ள எண் ஒன்று தவறினாலும் இந்த வரவு கைக்கு வராமல் போகலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் நாமே இதைச் சரிபார்த்திடலாம்.

பில் பி.டி.எப். பைலாக வந்தால் அதைத் திறந்து Ctrl+A, பின்னர் Ctrl+C அழுத்தவும். நோட்பேடைத் திறந்து Ctrl+V கொடுத்திடவும். எழுத்துகள் வந்து விழுந்தால் நல்லது. எதுவும் வரவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். பார்த்து டைப் செய்வதுதான் வழி. இனி Ctrl+F கொடுத்து GSTIN என்று தேடுங்கள். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். பில்லில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று விற்பவருடையது, மற்றது உங்களுடையது. நோட்பேடில் ஒட்டும்போது வரிசை கலைந்து, உங்கள் எண் மேலே வந்துவிடும். எனவே முதலில் உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து ஒதுக்குங்கள். மீதி இருப்பது விற்பவருடையது. உங்கள் எண்ணே பில்லில் இல்லையா? அப்படியானால் அது சாதாரண வாடிக்கையாளர் பில். அதை வைத்து வரவு எடுக்க முடியாது. உடனே வேறு பில் கேளுங்கள்.

எக்ஸெலில் A முதல் H வரை விற்பவர் எண், பில் எண், தேதி, வரிக்குரிய தொகை, வரி விகிதம், CGST, SGST, IGST என்று தலைப்பிடவும். ஒரே பில்லில் 5, 18 என இரு விகிதங்கள் இருந்தால் இரண்டு வரிசைகளாகப் பிரித்து எழுதவும்.

மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் ஒரு பிரிண்டர் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். விற்பவர் எண் 33ABCDE1234F1Z7 (இது கற்பனை எண்). முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம், 33 தமிழ்நாடு. அடுத்த பத்தும் விற்பவரின் பான் எண். மொத்தம் 15 எழுத்துகள். எட்டாவது முதல் பதினொன்றாவது வரை எண்களாகவே இருக்க வேண்டும். இதைச் சோதிக்க I2 செல்லில்:

```
=AND(LEN(A2)=15,ISNUMBER(--MID(A2,8,4)))
```

பூஜ்யத்துக்குப் பதில் O என்றோ, 2 க்குப் பதில் Z என்றோ விழுந்திருந்தால் FALSE என்று வரும். 1234 என்பது 1243 ஆக மாறியிருந்தால் இந்த பார்முலாவுக்குத் தெரியாது. அதற்கு gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் எண்ணைக் கொடுங்கள். லாக் இன் தேவையில்லை. கடையின் பெயர் பில்லில் உள்ளதோடு பொருந்துகிறதா, பதிவு Active என்று உள்ளதா என்று பாருங்கள். அங்கே Composition என்று இருந்தால் அவர் பில்லில் வரி வசூலிக்கவே கூடாது, வரவும் கிடையாது.

அடுத்து தொகை. J2 செல்லில்:

```
=ROUND(D2*E2/100,2)-(F2+G2+H2)
```

E2 செல்லில் 18% அல்ல, 18 என்று மட்டும் தரவும். நம் பிரிண்டருக்கு வரிக்குரிய தொகை 11,000. CGST 990, SGST 990. விடை 0. ஆனால் தள்ளுபடிக்கு முந்தைய விலையான 11,500 ஐ D2 ல் போட்டால் 90 என்று வரும். சில காசுகள் வித்தியாசம் என்றால் ரவுண்ட் செய்ததால் வந்தது, விட்டுவிடலாம். தொண்ணூறு ரூபாய் என்றால் பில்லை மீண்டும் பாருங்கள். இன்னொரு தொல்லை: ஒட்டிய தொகை செல்லின் இடது ஓரத்தில் நின்றால் அது எண் அல்ல, வெறும் டெக்ஸ்ட். SUM அதைக் கூட்டாது. மீண்டும் டைப் செய்திடவும்.

விற்பவர் வேறு மாநிலம் என்றால் பெரும்பாலும் IGST இருக்கும். பெங்களூரு ஓட்டலில் தங்கினால் மட்டும் கர்நாடக எண் 29 உடன் CGST, SGST போடுவார்கள். தமிழ்நாட்டுப் பதிவை வைத்து அந்த வரவை எடுக்க முடியாது. ஓட்டல் சாப்பாட்டு பில்லும் அப்படித்தான். கணக்கு சரியாக இருந்தாலும் சாதாரணக் கடைக்காரருக்குச் சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது.

பில் சரியாக இருந்தால் மட்டும் போதாது. 2022 ஜனவரி 1 முதல், விற்பவர் தன் கணக்கில் அந்த பில்லைக் காட்டினால்தான் நமக்கு வரவு. அவர் காட்டியவை மாதந்தோறும் 14ஆம் தேதி GSTR-2B யில் வரும். உங்கள் லாக் இன்னில் இதன் எக்ஸெல் பைலை டவுண்லோட் செய்து, விற்பவர் எண், பில் எண் இரண்டையும் 2B என்ற புதிய ஷீட்டில் A, B காலங்களில் ஒட்டவும். பின் K2 செல்லில்:

```
=COUNTIFS('2B'!A:A,A2,'2B'!B:B,B2)
```

1 அல்லது அதற்கு மேல் வந்தால் பில் அங்கே உள்ளது. தொகையையும் ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். 0 வந்தால் உடனே விற்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பில்லில் INV/45, அவர் கணக்கில் INV-45 என்று இருந்தாலும் 0 தான் வரும். எண்ணை மட்டும் வைத்துத் தேடிப் பாருங்கள். அப்போதும் இல்லை என்றால், அவர் பதிவேற்ற மறந்திருப்பார், அல்லது உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடாமல் ஏற்றியிருப்பார். பில் நகலை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். ஒரு நிதியாண்டின் பில்லுக்கு அடுத்த நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரைதான் அவகாசம்.