பக்கத்து வீடு விற்றதும் வரும் அட்டை

அமெரிக்கப் புறநகர்த் தெருவில் ஒரு வீடு கைமாறினால், சில நாட்களில் அக்கம்பக்கத்து லெட்டர்பாக்ஸ்களில் பளபளப்பான அட்டை ஒன்று வந்து விழும். விற்ற வீட்டின் படம், அதன் மேல் கொட்டை எழுத்தில் ‘ஜஸ்ட் சோல்டு’, மூலையில் ஏஜென்டின் சிரித்த முகம். சிலர் அட்டைக்குப் பதிலாகக் கடிதமே எழுதிவிடுவார்கள். தெருச் செய்தி சொல்வது போலத் தோன்றினாலும், அடுத்து வீட்டை விற்கப்போகிறவரைத் தேடி வரும் விளம்பரம் அது. அவர் யார் என்று ஏஜென்டுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லா வீட்டுக்கும் வருகிறது.

அனுப்புவதும் சுலபம். ‘எவ்ரி டோர் டைரக்ட் மெயில்’ என்று அமெரிக்கத் தபால் துறையில் ஒரு வசதி உண்டு. வரைபடத்தில் ஒரு தபால்காரர் நடக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், அந்த வழியில் உள்ள எல்லா வீட்டுக்கும் அட்டை போய்ச் சேரும். பெயரும் வேண்டாம், முகவரியும் வேண்டாம். செலவு, சாதாரணக் கடிதத்துக்கு ஒட்டும் ஸ்டாம்பில் பாதிகூட ஆகாது. 500 வீடுகள் உள்ள பகுதியில் ஆண்டுக்கு இருபதில் ஒரு வீடு விலைபோகிறது என்று வைத்துக்கொண்டால், 25 விற்பனைகள். அதில் ஒன்றிரண்டு கையில் கிடைத்தாலே அச்சுக்கூலியும் தபால் செலவும் கமிஷனில் அடங்கிவிடும்.

வீட்டுக்காரர் நிதானமாகப் பார்க்க வேண்டியது அட்டையில் உள்ள எண்களைத்தான். ‘கேட்ட விலையில் 102 சதவீதம், ஐந்தே நாளில்’ என்று ஒரு அட்டை சொல்கிறது என்று கொள்வோம். அந்த வீட்டுக்கு முதலில் 4,99,000 டாலர் கேட்டிருக்கிறார்கள். யாரும் வரவில்லை. விலையை 4,50,000 ஆகக் குறைத்தார்கள். பிறகு 4,60,000க்கு முடிந்தது. குறைத்த விலையோடு ஒப்பிட்டால் 102 சதவீதம் சரிதான். முதலில் கேட்ட விலையோடு ஒப்பிட்டால் 92தான் வரும். அதோடு, கூரை பழுதுக்கும் வாங்குபவரின் பதிவுச் செலவுக்கும் சேர்த்து விற்றவர் 12,000 டாலர் விட்டுக்கொடுத்திருந்தால், கமிஷனுக்கு முன்பே அவருக்கு நின்றது 4,48,000. அட்டையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை நம்பித் தன் வீட்டுக்கு விலை வைப்பவர் ஏமாந்துபோவார்.

அந்த ஐந்து நாளும் அப்படித்தான். விற்பனைப் பட்டியலிலிருந்து வீட்டை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டு மறுபடி போட்டால், பல ஊர்ப் பட்டியல்களில் நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும். முதல் விலையையும் குறைத்த தேதியையும் ஸில்லோ, ரெட்ஃபின் போன்ற தளங்களில் அந்த வீட்டின் விலை வரலாற்றில் பெரும்பாலும் பார்க்கலாம். விட்டுக்கொடுத்த தொகை அங்கே தெரியாது. ஏஜென்டிடம் நேராகவே கேட்க வேண்டும். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் விற்ற விலையை அரசிடம் தெரிவிக்கும் கட்டாயமே இல்லை. அங்கே அட்டையில் விலைக்குப் பதிலாகச் சதவீதம் மட்டும் இருந்தால் வியப்பதற்கில்லை.

இன்னொன்று, வீட்டை விற்றது யார்? நாட்டின் பெரிய ரியல் எஸ்டேட் சங்கமான என்.ஏ.ஆரின் ஒழுக்க விதிப்படி, விற்பவர் பக்கமோ வாங்குபவர் பக்கமோ நின்று அந்த வியாபாரத்தில் பங்கெடுத்தவர் மட்டுமே ‘விற்றேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். தொடர்பே இல்லாதவரும் ‘உங்கள் தெருவில் வீடு விற்றது’ என்று பொதுவாக எழுதி அட்டை போடலாம். படத்தையும் முகத்தையும் அருகருகே பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

கடிதத்தில் வேறொரு வழக்கம் உண்டு. ‘இந்த வீட்டுக்கு ஏழு பேர் விலை சொன்னார்கள், மீதி ஆறு பேர் இதே தெருவில் தேடுகிறார்கள்’ என்று எழுதுவார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அந்த ஆறு பேரின் பட்ஜெட் எவ்வளவு, எத்தனை பேருக்கு வங்கி முன் ஒப்புதல் கொடுத்திருக்கிறது, அவர்களை நாளைக்கே வீடு பார்க்க அழைத்துவர முடியுமா என்று கேட்டால் போதும். ஆள் இருந்தால் பதில் உடனே வரும். இல்லாவிட்டால், முதலில் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று பேச்சு திரும்பும்.

இதே கடிதத்துக்கு ஒரு கறுப்பு வரலாறும் உண்டு. 1950, 60களில் சிகாகோ போன்ற நகரங்களில், கறுப்பினக் குடும்பம் ஒன்று தெருவுக்கு வந்ததும் தரகர்கள் வெள்ளையர் வீடுகளுக்குக் கடிதமும் போனுமாகப் பயமுறுத்தினார்கள். விலை சரியப்போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள் என்றார்கள். அடிமாட்டு விலைக்கு வாங்கி, வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பினத்தவருக்கு மிக அதிக விலைக்கு விற்றார்கள். இரு தரப்பும் பறிகொடுத்தது தரகரிடம். 1968இல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம் இதைத் தடைசெய்தது. இன்றும் நியூயார்க் மாநிலம் அறிவித்த சில பகுதிகளில், ‘என் வீட்டை விற்கச் சொல்லி யாரும் அணுகக் கூடாது’ என்று வீட்டுக்காரர்கள் அரசிடம் பெயர் கொடுத்து வைக்கலாம். அந்தப் பட்டியலில் உள்ள வீட்டுக்குக் கடிதம் அனுப்பும் ஏஜென்டின் உரிமத்துக்கே ஆபத்து வரும்.