வெயிலைவிட ஐஸுக்குப் பயப்பட வேண்டும்
இன்சுலினுடன் வெளிநாடு போகிறவர்கள் கவனத்துக்கு

மகளின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து அபுதாபி வழியாக நியூயார்க் கிளம்புகிறார் ஓர் அம்மா. தங்கப்போவது மூன்று மாதம். தினமும் இரவில் 20 யூனிட் கிளார்ஜின் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் பருப்புப் பொடிக்கு இடம் பார்ப்பதற்கு முன்பு அவர் போட வேண்டிய கணக்கு இது.

ஒரு பென்னில் 300 யூனிட் இருக்கும். மருந்து சரியாக வருகிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் 2 யூனிட்டை வெளியே தள்ள வேண்டும் என்பதால், நாளுக்கு 22 யூனிட் செலவு. ஒரு பென் 13 நாள் வரும். 90 நாளுக்கு ஏழு பென். கீழே விழுந்தால், தொலைந்தால் என்று இன்னொன்று. சொந்த உபயோகத்துக்குச் சுமார் 90 நாள் மருந்து என்பதுதான் அமெரிக்காவில் பொதுவான வரம்பு. அதனால் இதற்கு மேல் வாங்கி அடுக்க வேண்டாம்.

எட்டும் கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டி வெயிலில் ஓடுபாதை ஓரம் கிடக்கலாம், விமானத்தின் அடியில் கடுங்குளிரில் மாட்டலாம், வேறு ஊருக்கே போய்விடவும் கூடும்.

பலர் தவறு செய்வது ஐஸ் பேக்கில்தான். திறக்காத பென்னுக்கு 2 முதல் 8 டிகிரி வரை குளிர் வேண்டும். ஆனால் கிளார்ஜின் 30 டிகிரிக்கு மிகாத அறை வெப்பத்தில் 28 நாள் தாங்கும். ஆக, ஒரு நாள் பயணத்தில் அது கெட்டுப்போகாது. அந்த 28 நாள் கணக்கு எல்லாப் பென்களுக்கும் ஒன்றாக ஓடத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்குத்தான் ஐஸ் பேக். மாறாக, உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. வீட்டு ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக் மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும். அதை ஒட்டினாற்போல் வைத்த பென் பையிலேயே உறைந்துவிடலாம். ஜெல் பேக்கைச் சிறிது நேரம் வெளியே வைத்து, மேலே வியர்த்து, அழுத்தினால் லேசாக நெகிழும்போது, துண்டில் சுற்றி வையுங்கள். பென்கள் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். விமானப் பணியாளரிடம் கொடுத்துக் குளிரில் வைக்கச் சொல்ல வேண்டாம். உணவு வண்டிகளில் உலர் பனிக்கட்டி இருக்கலாம், இறங்கும்போது மறந்தும் போகலாம். இப்போது பயன்படுத்தும் பென்னுக்கு ஐஸே தேவையில்லை. அதில் ஊசியை மட்டும் கழற்றிவிட்டு மூடுங்கள். மாட்டியபடியே விட்டால் மருந்து கசியும், காற்றுக் குமிழி புகும்.

அடுத்தது காகிதம். அமெரிக்க மருந்துக் கடையில் நோயாளியின் பெயர் அச்சிட்ட லேபிளை ஒட்டித் தருவார்கள். நம் ஊர்க் கடையில் அந்த வழக்கம் இல்லை. பென்னில் இருப்பது கம்பெனி லேபிள் மட்டுமே. இந்த மருந்து இவருடையதுதான் என்று காட்ட வேண்டியது மருத்துவரின் சீட்டு. கிறுக்கிய சீட்டு போதாது. லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் டைப் செய்து, கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டு வாங்குங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பிராண்டு பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் இன்சுலின் கிளார்ஜின் 100 யூனிட்/மி.லி. என்ற பொதுப் பெயர், தினசரி அளவு, பென்களின் எண்ணிக்கை, ஊசிகள், ஜெல் பேக் எல்லாமே அதில் வரட்டும். கடை பில்லையும் சேர்த்து வையுங்கள். கணவரும் உடன் வந்து, மருந்தை அவர் கைப்பையிலும் பிரித்து வைத்தால், சீட்டின் நகல் அதிலும் இருக்க வேண்டும்.

சோதனையில் 3 மி.லி. பென்னை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கேள்வி வருவது ஜெல் பேக்குக்குத்தான். சென்னையில் கட்டியாக இருந்தது அபுதாபியில் குழைந்திருக்கும். அமெரிக்கா போகிறவர்களுக்கான குடிவரவு, சுங்கச் சோதனைகள் அங்கேயே அமெரிக்க விதிப்படி முடிந்துவிடும். மருந்துக்கான ஜெல் பேக் உருகியிருந்தாலும் அமெரிக்க விதி அதை அனுமதிக்கிறது. பை எக்ஸ்-ரேக்குள் போகும் முன்பே மருந்தைத் தனியே எடுத்து, சீட்டோடு காட்டிவிடுவது நல்லது.

28 நாள் என்பது கிளார்ஜினுக்கான கணக்கு, எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது. மூட்டுவாதத்துக்குப் போடும் அடாலிமுமாப் 25 டிகிரிக்குள் 14 நாள்தான் தாங்கும். ஒவ்வொரு மருந்துக்கும் அதன் பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பென்களை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், பின்சுவரில் ஒட்டாமல் வையுங்கள். ஒவ்வொன்றிலும் திறந்த தேதியை எழுதுங்கள். கலங்கலான இன்சுலின் உறைந்திருந்தால் கட்டிகட்டியாகத் தெரியலாம். கிளார்ஜின் அப்படியல்ல, உறைந்து உருகிய பிறகும் தெளிவாகவே இருக்கக்கூடும். சாப்பாடும் அளவும் மாறாமல் சர்க்கரை மட்டும் ஏறினால், டோஸைக் கூட்டும் முன் புதுப் பென்னுக்கு மாறிப் பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால் மருத்துவரை அழையுங்கள்.