ஒரு பெரிய தவறும் ஓராண்டு மதிப்பீடும்

பணியாளர் மதிப்பீட்டில் பெரிய தவறொன்றைக் குறிக்கும்போது ஆளுக்கு அடைமொழி சூட்டாமல் நடந்ததை எழுத வேண்டும். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் ஜூனில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் அனுப்பிவிட்டார் என்று கொள்வோம். "கவனக்குறைவானவர்" என்ற ஒற்றைச் சொல் 12 மாத உழைப்பையும் விழுங்கிவிடும், அது அநியாயம். "ஜூனில் ஒரு பில்லுக்கு இருமுறை பணம் சென்றது. பில் எண்ணைச் சரிபார்க்காததே காரணம். அன்றே அவராகவே மேலாளரிடம் தெரிவித்தார். ஜூலை முதல் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே அனுப்புகிறார், பிழை மீண்டும் நேரவில்லை" என்று எழுதினால் போதும். துல்லியம் என்ற தலைப்பின்கீழ் மட்டும் இது வரட்டும். அங்கே மதிப்பெண் குறைவது நியாயமே. வரி தாக்கல், மாதக் கணக்கு முடிப்பு போன்றவற்றுக்கு அவற்றின் பதிவுகளைப் பார்த்தே மதிப்பெண் இட வேண்டும். ஜூன் பத்தியை மறைத்துவிட்டு மீதியைப் படித்தால், அந்தத் தவறு வேறெங்கும் கசிந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.