‘நான்’ ஆணா, பெண்ணா?

‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று தமிழில் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று வழியில் கிடந்தால், எழுதியது ஆணா, பெண்ணா என்று சொல்ல முடியாது. யாருக்கு எழுதியது என்பதும் தெரியாது. அதே சீட்டு எபிரேயத்தில் இருந்தால் பாதி ரகசியம் உடனே அவிழ்ந்துவிடும். ஆண் எழுதினால் ‘அனி ஓஹேவ் ஓத்தாஹ்’, பெண் எழுதினால் ‘அனி ஓஹெவெத் ஓத்ஹா’.

‘அனி’ என்றால் நான். அதில் பால் வேறுபாடு இல்லை. அடுத்து வரும் வினைதான் காட்டிக்கொடுக்கிறது. எபிரேயத்தின் நிகழ்கால வினையில் ‘ஏன்’, ‘ஆய்’ போன்ற விகுதி கிடையாது. அது நம் ‘காதலிக்கிறவன்’, ‘காதலிக்கிறவள்’ போன்ற சொல். ‘நான் காதலிக்கிறவன்’ என்று ஆணும், ‘நான் காதலிக்கிறவள்’ என்று பெண்ணும் சொல்வதாக நினைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். இறந்தகாலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ‘அஹவ்தி’ என்றால் காதலித்தேன். யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

கடைசிச் சொல்லான ‘உன்னை’ கேட்பவரைப் பொறுத்தது. ஆணிடம் ஓத்ஹா, பெண்ணிடம் ஓத்தாஹ். இரண்டிலும் ‘ஹ’ தொண்டையை உரசிக்கொண்டு வரும். ஆணுக்கு ஆண் சொன்னால் ‘ஓஹேவ் ஓத்ஹா’, பெண்ணுக்குப் பெண் சொன்னால் ‘ஓஹெவெத் ஓத்தாஹ்’. ஆக, ஒரே வாக்கியத்துக்கு நான்கு உச்சரிப்புகள்.

எழுதும்போது கதை மாறுகிறது. எபிரேயத்தின் 22 எழுத்துகளும் மெய்களே. உயிரொலியைக் காட்டும் புள்ளிகள் உண்டு என்றாலும் குழந்தைகள் புத்தகம், கவிதை, வேதம் போன்றவற்றோடு அவை நின்றுவிடும். செய்தித்தாளிலோ கைப்பேசிச் செய்தியிலோ யாரும் புள்ளி வைப்பதில்லை. புள்ளி போய்விட்டால் ஓத்ஹாவும் ஓத்தாஹும் ஒரே நான்கு எழுத்துகள்தான். எனவே காதல் சீட்டில் எழுதியவரின் பால் தெரியும், பெறுபவரின் பால் தெரியாது. எழுதியது பெண் என்று சொல்வது ‘ஓஹெவெத்’தின் கடைசியில் நிற்கும் ‘தாவ்’ என்ற ஒற்றை எழுத்து.

இதைவிட வேடிக்கையானது ‘நீ எனக்கு வேண்டும்’. ஆண் ‘ரோட்ஸே’ என்பான், பெண் ‘ரோட்ஸா’ என்பாள். எழுத்தில் இரண்டும் ஒன்றே. பக்கத்தில் ‘உன்னை’யும் சேர்ந்தால், வாய்விட்டுப் படிக்காதவரை எழுதியவர் யார், பெறுபவர் யார் என்று ஊகிக்கவே முடியாத வாக்கியம் கிடைக்கிறது. ‘அழகு’ம் அப்படித்தான். ஆணுக்கு யாஃபே, பெண்ணுக்கு யாஃபா, எழுத்து ஒன்று. ஆனால் எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லும்போது முன்னால் ‘நீ’ வந்தாக வேண்டும். ஆணுக்கு ‘அத்தா’, பெண்ணுக்கு ‘அத்’ என்று அது தனித்தனியாக எழுதப்படுவதால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு சின்னக் கடிதத்தைப் பார்ப்போம். அவள் அவனுக்கு எழுதுகிறாள்: ‘அஹுவி, அனி ஹோஷெவெத் அலேஹா. அத்தா மாதோக். மதாய் தாவோ?’ அன்பனே, உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், நீ இனிமையானவன், எப்போது வருவாய் என்று பொருள். அவன் அவளுக்கு எழுதினால்: ‘அஹுவாதி, அனி ஹோஷேவ் அலாயிஹ். அத் மெதுகா. மதாய் தாவோஇ?’ மாறாமல் நின்றவை ‘அனி’யும் ‘மதாய்’ என்ற ‘எப்போது’வும் மட்டுமே. ‘நான்’ என்பதோடு சேரும் வினை எழுதுபவரைப் பார்க்கிறது. விளி, ‘நீ’, அதோடு சேரும் பெயரடை, ‘வருவாய்’ எல்லாம் பெறுபவரைப் பார்க்கின்றன. இங்கே ‘உன்னைப் பற்றி’ என்பது எழுத்திலும் பிரிகிறது. பெண்ணுக்கான ‘அலாயிஹ்’ என்பதில் ‘யோத்’ எழுத்து இரண்டு, ஆணுக்கு ஒன்று. அவசரத்தில் எபிரேயர்களே இதைத் தவறவிடுவதுண்டு. அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புதிதாகக் கற்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் வேறு. அவன் ‘அனி ஓஹேவ் ஓத்தாஹ்’ என்று அனுப்புகிறான். அவள் அதையே நகலெடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். அவளே ‘நான் காதலிக்கிறவன்’ என்று எழுதியதாக ஆகிவிடுகிறது! அவன் சிரித்துவிட்டுப் போவான் என்றாலும், முதல் கடிதத்தில் யாரும் விரும்புகிற சிரிப்பு அல்ல அது.

சந்தேகம் வந்தால் தப்பிக்கவும் வழி உண்டு. ‘நானும்தான்’ என்று பொருள்படும் ‘கம் அனி’ இருபாலருக்கும் பொருந்தும். ‘இனியது’ என்ற ‘மோதெக்’, ‘என் உயிரே’ என்ற ‘நெஷாமா ஷெலி’ ஆகிய செல்லப்பெயர்களை யாரிடமும் சொல்லலாம். ‘காதல் வந்துவிட்டது’ என்ற ‘ஹித்அஹவ்தி’ இறந்தகால வினை, எழுதுபவர் யாராயினும் மாறாது. எதை எழுதினாலும் அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள்: எழுதுவது பெண் என்றால், ‘ஓஹெவெத்’தின் கடைசியில் அந்தத் தாவ் இருக்கிறதா?