ஒரே புத்தகம், நான்கு அபராதம்

2025 டிசம்பர் 22, திங்கட்கிழமை. கல்லூரி மாணவி ஒருத்தி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுக்கிறாள். இரவல் காலம் 14 நாள். கெடு ஜனவரி 5. டிசம்பர் 31 அன்று கவுன்ட்டருக்கு வந்து ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறாள். பொங்கல் வருகிறது, ஊருக்குப் போகிறாள், புத்தகம் அலமாரியிலேயே கிடக்கிறது. ஜனவரி 28 அன்று கொண்டுவந்து நீட்டுகிறாள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 2 ரூபாய். எவ்வளவு கட்ட வேண்டும்?

விடை 28 ரூபாயாக இருக்கலாம். 16, 12, 10 ஆகவும் இருக்கலாம். மாணவியும் விதிப்புத்தகமும் கற்பனைதான். ஆனால் இந்த நான்கு தொகைகளும் நிஜமான நூலகங்களில் நிஜமாகக் கேட்கப்படக்கூடியவை. கவுன்ட்டரில் எழும் சச்சரவு பெரும்பாலும் ரூபாயைப் பற்றியது போலத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் எந்த நாளைக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் முடிச்சு விழுந்திருக்கும்.

அதை அவிழ்த்துப் பார்க்க கோஹா என்ற மென்பொருளையே எடுத்துக்கொள்ளலாம். நியூசிலாந்தின் ஹொரொவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. பெயருக்கேற்ப யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால், தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் இன்று அதுதான் ஓடுகிறது. அபராத விதிகளை அது ஒளித்து வைப்பதில்லை. நூலகர் ஒவ்வொன்றையும் தானே தேர்ந்தெடுக்க வேண்டும்.

புத்தகம் திரும்பி வந்ததும் முதலில் தெரிய வேண்டியது கெடு நாள். புதுப்பித்தபோது அது எங்கே நகர்ந்தது? பழைய கெடுவிலிருந்து 14 நாள் என்றால் ஜனவரி 19. புதுப்பித்த நாளிலிருந்து 14 நாள் என்றால் ஜனவரி 14. கோஹாவில் `RenewalPeriodBase` என்ற அமைப்பு இதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது முறையில், முன்கூட்டியே வந்து பொறுப்பாகப் புதுப்பித்தவருக்கு ஐந்து நாள் நஷ்டம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. கடைசி நாள் வரை காத்திருந்து புதுப்பிப்பவருக்குத்தான் அது லாபம்.

புதுப்பித்தல் உண்மையில் நடந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். அனுமதித்த தடவைகள் தீர்ந்துபோயிருந்தாலோ, அதே புத்தகத்துக்கு வேறொருவர் முன்பதிவு செய்திருந்தாலோ கணினி மறுத்துவிடும். வீட்டிலிருந்து இணையத்தில் பொத்தானை அழுத்திவிட்டு, வந்த பதிலைப் படிக்காமல் மூடிவிடுபவர்கள் உண்டு. அப்படி ஆகியிருந்தால் நம் மாணவியின் கெடு ஜனவரி 5 என்றே இருந்திருக்கும். புதுப்பித்த கையோடு திரையில் புதிய தேதி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் வழி.

இப்போது கெடு ஜனவரி 14 என்றே வைத்துக்கொள்வோம். 28-லிருந்து 14-ஐக் கழித்தால் 14 நாள், 28 ரூபாய். இது காலண்டரைப் பார்க்காத கணக்கு. 15 முதல் 17 வரை பொங்கல் விடுமுறை, 18 ஞாயிறு. 25 மறுபடி ஞாயிறு, 26 குடியரசு நாள். இந்த ஆறு நாளும் நூலகம் பூட்டிக் கிடந்தது. மாணவி விரும்பியிருந்தாலும் கொடுத்திருக்க முடியாது. `finesCalendar` என்ற அமைப்பில் மூடிய நாட்களை விலக்கச் சொல்லியிருந்தால் மிஞ்சுவது 8 நாள், 16 ரூபாய்.

அடுத்து சலுகை நாள். இந்த நூலகம் இரண்டு நாள் சலுகை தருகிறது என்போம். ஒருநாள், இரண்டுநாள் தாமதத்துக்கு அபராதமே இல்லை. மூன்றாம் நாளும் தாண்டிவிட்டால், அந்த இரண்டு நாளையும் திரும்பச் சேர்த்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? இரண்டு வழக்கமும் உண்டு. சேர்த்தால் 16 ரூபாய், விட்டால் 12. கெடு 19 ஆக இருந்திருந்தால் எண்ண வேண்டியது 7 நாள், சலுகையைக் கழித்தால் 5 நாள், 10 ரூபாய். கெடுவில் இருந்த ஐந்து நாள் வித்தியாசம், இடையே பொங்கல் வந்ததால், அபராதத்தில் ஒரே நாளாகச் சுருங்கிவிட்டதையும் கவனியுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் உச்சவரம்பு. இன்னொரு புத்தகம் மாதக்கணக்கில் திரும்பவில்லை, விடுமுறையும் சலுகையும் போக 70 நாள் ஆகிவிட்டது என்று கொள்வோம். 140 ரூபாய். ஒரு புத்தகத்துக்கு 100 ரூபாய்க்கு மேல் கூடாது என்பது விதி, ஆகவே 100. அபராதம் புத்தக விலையைத் தாண்டக் கூடாது என்றும் விதி இருந்து, அதன் விலை 80 என்றால், 80-தான். சுருக்கமாக:

```
அபராதம் = min(நாட்கள் × 2, 100, விலை)
```

வரம்பு கடைசியில் வர வேண்டும் என்பது முக்கியம். விடுமுறையைக் கழிக்காமல் முதலிலேயே 100-இல் வெட்டிவிட்டு, பிறகு அந்தத் தொகையிலிருந்து சலுகை நாட்களுக்கான ரூபாயைக் கழித்தால் விடை தவறும். கையால் கணக்குப் போடும் இடங்களில் இது எளிதாக நேர்ந்துவிடும்.

விலை வரம்பு ஓரிடத்தில் வேலை செய்யாது. நன்கொடையாக வந்த நூல்களுக்குப் பதிவில் விலை போடாமல் விட்டிருந்தால், கோஹா அந்த விதியைத் தாண்டிப் போய் 100 ரூபாய் கேட்கும். நாற்பது ரூபாய்ப் பழைய நூலுக்கு நூறு ரூபாய் அபராதம் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்த விலைக் கட்டத்தைத்தான். இந்த வரம்பு ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மூன்று புத்தகம் என்றால் 300 வரை போகலாம். ஓர் உறுப்பினரின் தாமத அபராதம் மொத்தத்தில் இவ்வளவுக்கு மேல் ஏறக் கூடாது என்று நிறுத்த `MaxFine` என்ற தனி அமைப்பு இருக்கிறது. புத்தகம் தொலைந்தே போனால் அதன் விலை வேறு கணக்கு, இந்த வரம்புக்குள் வராது.

கெடு தாண்டிய பிறகு புதுப்பிக்க அனுமதிக்கும் நூலகங்களில் இன்னொரு சங்கதி. அதுவரை ஏறிய அபராதம் தனி வரியாக நின்றுவிடும், புதிய கெடுவிலிருந்து எண்ணிக்கை மறுபடி தொடங்கும். வரம்பும் புதிதாகத் தொடங்கும். ஒரே புத்தகத்துக்கு இரண்டுமுறை 100 ரூபாய் விழ வழி இருக்கிறது.

தொகை தவறு என்று தோன்றினால் மென்பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் காலண்டரைத் திறந்து பார்க்கலாம். மழைக்காகத் திடீரென்று விடுமுறை விடுவார்கள், அதை யாரும் கணினியில் பதிந்திருக்க மாட்டார்கள். அன்று கெடு தாண்டியிருந்த எல்லோருக்கும் சரியாக 2 ரூபாய் கூடுதலாகக் காட்டும். ஒருவருக்கு மட்டும் கூடியிருந்தால் காரணம் வேறு. பலருக்கும் ஒரே அளவு கூடியிருந்தால் விடுபட்ட விடுமுறைதான்.

வாசலில் உள்ள திரும்பப்பெறும் பெட்டிக்கும் இதே கவனம் வேண்டும். நம் மாணவி 25-ஆம் தேதி ஞாயிறு மாலையே பெட்டியில் போட்டிருந்தால், ஊழியர் திறப்பது 27 காலையில். சாதாரணமாக ஸ்கேன் செய்தால் 27-உம் தாமத நாளாக ஏறிவிடும். பெட்டிப் புத்தகங்களுக்கென்று கோஹாவில் உள்ள முறையை இயக்கிவிட்டு ஸ்கேன் செய்தால், நூலகம் கடைசியாகத் திறந்திருந்த நாளான 24-இலேயே வந்துவிட்டதாக அது பதிந்துகொள்ளும்.