தடுப்பூசிப் பெட்டியின் நாட்பதிவேடு

தடுப்பூசி மருந்துகள் உள்ள ஐ.எல்.ஆர். குளிர்பதனப் பெட்டியில் வெப்பநிலை +2 முதல் +8 டிகிரி செல்சியஸுக்குள் இருத்தல் வேண்டும். காலை, மாலை இருவேளையும் வெப்பமானியின் அளவு தாளில் குறிக்கப்படுகிறது.

மும்பையில் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று இடங்களின் தாள்களை ஒரே நாட்பதிவேடாகத் தொகுப்பதாகக் கொள்வோம். நிலையம், பெட்டி எண், வேளை, அளவு, குறிப்பு என ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வரி ஒதுக்கப்படும். 8-க்கு மேற்பட்டால் ‘உயர்வு’ என்றும், 2-க்குக் குறைந்தால் ‘தாழ்வு’ என்றும் குறிக்க வேண்டும்.

தாராவித் தாளில் மாலை அளவு 9. இது உயர்வு. வெப்பத்தின் தீங்கு சிறிது சிறிதாகச் சேர்வது. குப்பியின் மீதுள்ள வெப்பங்காட்டிச் சதுரத்தின் நிறமே அதனைத் தெரிவிக்கும்.

செம்பூர்த் தாளில் 3; முன்னே மங்கிய கோடு ஒன்று. அது கழித்தல் குறியாயின் அளவு –3 ஆகும். கோட்டைக் கவனியாது 3 என எழுதினால் எல்லைக்குள் அடங்கிவிடும், ஆபத்து மறைந்துவிடும். ஹெபடைடிஸ்-பி, பென்டாவேலன்ட் போன்றவை ஒருமுறை உறைந்தாலும் பயனற்றுப் போகும். அதனை நிறச்சதுரம் காட்டாது. ஆகவே மூலத்தாளைக் கேட்டறிந்து, உறைந்த ஐயம் இருப்பின், வேண்டுமென்றே உறையவைத்து உருகிய குப்பியுடன் ஒப்பிட்டுக் குலுக்கிப் பார்க்கும் சோதனையை நடத்த வேண்டும். உறைந்த மருந்தில் வண்டல் விரைந்து படியும்.

மாதுங்காவில் மாலைக் கட்டம் வெற்றிடம். அதனைச் சுழி என்றோ காலை அளவென்றோ நிரப்பலாகாது. ‘விடுபட்டது’ என்றே எழுத வேண்டும். நாள்தோறும் ஒரே எண் வருவதும் ஐயத்திற்குரியதே. வெப்பமானியைப் பாராமலே எழுதியிருக்கக்கூடும்.

இருவேளைக் குறிப்புகளுக்கு இடையே இரவில் நேர்ந்ததை இப்பதிவேடு அறியாது. அதற்குத் தொடர்பதிவுக் கருவியே துணை.